நள்ளிரவுக் காபி வேண்டாம்: இரவுப் பேருந்தில் நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நெல்லையிலும் நாகர்கோவிலிலும் தென்காசியிலும் தேனியிலும் இன்றிரவு சென்னைப் பேருந்தில் ஏறி, நாளை காலை நேர்காணலிலோ தேர்வு அறையிலோ உட்காரப் போகிறவர்களே,

உங்களுக்கு எல்லாரும் ஒரே புத்திமதியைத்தான் சொல்லியிருப்பார்கள்: முதல் நாள் ராத்திரி நன்றாகத் தூங்கு. சொன்னவர்கள் யாரும் அறுநூறு கிலோமீட்டரைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்கள். முந்தின நாளே போய் லாட்ஜில் தங்க எல்லார் கையிலும் பணம் இருப்பதில்லை. இருக்கிற வேலையில் இரண்டு நாள் விடுப்பு கேட்டால் எதற்கு என்று கேள்வி வரும். தனியாகப் போகிற பெண்ணுக்கு லாட்ஜ் என்ற பேச்சே வீட்டில் எடுபடாது. ஆகவே அந்த ராத்திரி உங்களுக்குக் குறைந்த தூக்கம்தான்; நாலு மணி நேரம், அதிர்ஷ்டம் இருந்தால் ஐந்து. அதை மாற்ற என்னிடம் வழி கிடையாது. அந்தக் குறைந்த தூக்கத்தோடு மறுநாள் பதினோரு மணிக்கு எப்படி விழிப்பாக உட்காருவது என்பதைப் பற்றித்தான் இந்த மடல். அதில் உங்கள் கையில் இருக்கிற ஒரே பொருள் காபி. அதை நீங்கள் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைவிட எந்த நேரத்தில் குடிக்கிறீர்கள் என்பது முக்கியம் என்பதுதான் என் வாதம். பெரும்பாலானவர்கள் அதைத் தப்பான நேரத்தில் செலவழித்துவிடுகிறார்கள் என்பது என் ஆதங்கம்.

முதலில் காபி உடம்புக்குள் என்ன செய்கிறது என்று பாருங்கள். அது தெம்பு எதையும் தருவதில்லை. நீங்கள் விழித்திருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்கிற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது போய் உட்காருவதற்கென்று மூளையின் செல்களில் இடங்கள் உண்டு. அவை நிறைய நிறையக் கண் சொக்கும். தூங்கும்போது அந்தப் பொருள் குறைகிறது. காபியில் உள்ள காஃபீன் உருவத்தில் கிட்டத்தட்ட அடினோசினைப் போலவே இருப்பதால் அதே இடங்களில் போய் ஒட்டிக்கொள்ளும், ஆனால் தூக்கத்தை உண்டாக்காது. நம்மூர் டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். துண்டு விழுந்த சீட்டில் ஆள் உட்கார முடியாது, அவ்வளவுதான்; ஏறிய கூட்டம் எங்கேயும் போய்விடவில்லை, நின்றுகொண்டே காத்திருக்கிறது. இன்னொன்றும் உண்டு: சீட்டெல்லாம் ஏற்கெனவே நிறைந்திருந்தால் துண்டு போட இடம் ஏது? ராத்திரி முழுக்க முழித்தவர் காலையில் மூன்று காபி குடித்தும் தள்ளாடுவது அதனால்தான். காபிக்கு முன்னால் கூட்டம் கொஞ்சமாவது இறங்கியிருக்க வேண்டும். இறங்க வைப்பது தூக்கம் ஒன்றுதான், அது குட்டித் தூக்கமாக இருந்தாலும் சரி.

இதிலிருந்துதான் காபித் தூக்கம் என்கிற உத்தி வருகிறது. காபியை மளமளவென்று குடித்துவிட்டு உடனே கண்ணை மூடி ஒரு கால் மணி நேரம் சாய்ந்துகொள்வது. முதலில் கேட்பவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகப் படும். காபி குடித்தால் தூக்கம் எப்படி வரும்? வரும், ஏனென்றால் குடித்த காபி வயிற்றைத் தாண்டி, குடலில் உறிஞ்சப்பட்டு, ரத்தத்தில் ஏறி உங்களுக்கு உறைக்க இருபது முப்பது நிமிடம் ஆகிறது. அதன் உச்சம் பலருக்கு முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில்தான். அந்த இடைவெளி காலியாகத்தானே கிடக்கிறது? அதில் தூங்கி எழுந்தால், எழுகிற நேரமும் காஃபீன் வேலை தொடங்குகிற நேரமும் ஒன்றாக அமைகின்றன. குட்டித் தூக்கத்துக்குப் பிறகு வருகிற மந்தத்தையும் அதுவே தட்டிவிடுகிறது.

இது சும்மா கணக்குப் போட்டுச் சொன்னதில்லை. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் லூயிஸ் ரெய்னர், ஜிம் ஹார்ன் என்ற இரு ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட சோதனை ஏறத்தாழ உங்கள் நிலைமையிலேயே செய்யப்பட்டது. பன்னிரண்டு பேரை முந்தின இரவு ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டு, மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய மந்தமான வேளையில், கார் ஓட்டுவதைப் போலவே அமைந்த கருவியில் இரண்டு மணி நேரம் ஓட்டச் சொன்னார்கள். அதற்கு முன்னால் அரை மணி நேர இடைவேளை. ஒரு நாள் காஃபீன் இல்லாத காபி, ஒரு நாள் 150 மில்லிகிராம் காஃபீன் உள்ள காபி, ஒரு நாள் அதே காபியோடு கால் மணி நேரத்துக்கு உட்பட்ட குட்டித் தூக்கம். வண்டி தடம் விலகிய தடவைகளை எண்ணினார்கள். வெறும் பாவனைக் காபி குடித்த நாளில் நூறு என்று வைத்துக்கொண்டால், நிஜக் காபி குடித்த நாளில் அது முப்பத்து நாலாகக் குறைந்தது. காபியும் தூக்கமும் சேர்ந்த நாளில் ஒன்பது. பன்னிரண்டு பேர் சின்னக் கூட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே பன்னிரண்டு பேரை ஒவ்வொரு நிலையிலும் வைத்துப் பார்த்த சோதனை அது. 2003இல் ஜப்பானின் ஹிரோஷிமாவில் ஹயாஷியும் அவர் தோழர்களும் செய்த வேறொரு சோதனையும் அதே திசையைத்தான் காட்டியது. அவர்கள் மதியம் இருபது நிமிடம் தூங்கவைத்து, தூக்கத்தோடு காபி, தூக்கத்தோடு பளிச்சென்ற வெளிச்சம், தூக்கத்தோடு முகம் கழுவல் என்று ஒப்பிட்டார்கள். காபியோடு சேர்ந்த தூக்கம்தான் முதலில் வந்தது. முகம் கழுவுவது கொஞ்ச நேரத்துக்கு மட்டும் உதவியது. பஸ் ஸ்டாண்ட் குழாயில் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு 'இப்போ ஃப்ரெஷ்' என்று நினைக்கிற எல்லாரும் இதைக் கவனியுங்கள்.

எனக்கெல்லாம் பத்து நிமிஷத்தில் தூக்கம் வராது என்பீர்கள். வர வேண்டியதில்லை. லஃப்பரோ சோதனையிலும் எல்லாரும் முழுசாகத் தூங்கிவிடவில்லை; சிலருக்குக் கண் சொருகியதுதான் மிச்சம், அவர்களுக்கும் பலன் கிடைத்தது. கண்ணை மூடிச் சும்மா சாய்ந்திருங்கள், தூக்கத்தைத் துரத்தாதீர்கள். அதற்கு நேர் எதிரான பயம் இன்னும் பலருக்கு: சாய்ந்தால் எழுந்திருக்கவே மாட்டேன். இந்தப் பயம் நியாயமானது, ஏனென்றால் இதில் உண்மையில் கெட்டுப்போகிற இடமே அதுதான். ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் புரூக்ஸும் லாக்கும் 2006இல் இதைத்தான் அளந்தார்கள். முந்தின இரவு ஐந்து மணி நேரம் தூங்கியவர்களை மறுநாள் பிற்பகல் ஐந்து, பத்து, இருபது, முப்பது நிமிடம் என்று வெவ்வேறு அளவில் தூங்கவைத்தார்கள். பத்து நிமிடம் தூங்கியவர்கள் எழுந்த உடனேயே தெளிவாக இருந்தார்கள். அந்தத் தெளிவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றது. முப்பது நிமிடம் தூங்கியவர்கள் எழுந்ததும் முன்பைவிட மந்தமாக இருந்தார்கள், தெளிய நேரம் பிடித்தது. தூக்கம் ஆழத்துக்குப் போன பிறகு இழுத்து எழுப்பினால் அப்படித்தான். அதனால் அலாரத்தைக் கண் மூடுகிற நேரத்திலிருந்து இருபது நிமிடத்துக்கு வையுங்கள். தூங்கப் பிடிக்கிற நேரமும் அதற்குள் அடக்கம். படுக்க வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்தபடியே சாயுங்கள். செல்போனைப் பையில் போடாமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கூட வந்தவர் இருந்தால் எழுப்பச் சொல்லுங்கள், ஆனால் அலாரத்தையும் வையுங்கள்; அவரும் ராத்திரி பஸ்ஸில் வந்தவர்தானே.

இனி என் ஆதங்கத்துக்கு வருகிறேன். நீங்கள் ஏறுகிற பேருந்து நடுராத்திரியில் நெடுஞ்சாலையோர மோட்டல் ஒன்றில் நிற்கும். விளக்கைப் போட்டு, கதவைத் தட்டி, 'டீ காபி சாப்பிடறவங்க சாப்பிடலாம், வண்டி பத்து நிமிஷம் நிக்கும்' என்று குரல் வரும். முக்கால்வாசிப் பேர் இறங்குவார்கள். அங்கே பாட்டும் வெளிச்சமும் தூக்கத்தைக் கலைப்பது போதாதென்று ஒரு காபியும் உள்ளே போகும். அதோடு அந்த ராத்திரியின் கணக்கு முடிந்தது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையைச் சேர்ந்த கிறிஸ்டோபர் டிரேக் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்னால் 400 மில்லிகிராம் காஃபீன் எடுத்தவர்களுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்தது. அந்த அளவு பெரியது, மோட்டல் காபி அதில் நாலில் ஒரு பங்குகூட இருக்காது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மோட்டல் காபி ஆறு மணி நேரத்துக்கு முன்னால் போகவில்லை, மறுபடி கண்ணை மூடப் போகிற நிமிடத்தில் போகிறது. அந்த ஆய்வின் இன்னொரு விவரம் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. ஆறு மணி நேர இடைவெளியில் எடுத்தவர்கள் தங்கள் தூக்கம் குறைந்ததைத் தாங்களே சரியாக உணரவில்லை, கருவிதான் காட்டிக்கொடுத்தது. 'நான் காபி குடிச்சிட்டும் நல்லாத் தூங்குவேன்' என்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

சரி, அந்த நடுராத்திரிக் காபி காலை நேர்காணலுக்காவது உதவுமா? அதுவும் இல்லை. உடம்பில் உள்ள காஃபீன் பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது. பன்னிரண்டு மணிக்கு உள்ளே போன எண்பது மில்லிகிராம் காலை ஐந்து மணிக்கு நாற்பது, பத்து மணிக்கு இருபது. உங்களுக்குத் தேவையே இல்லாத நேரத்தில் முழுசாக நின்று, தேவைப்படுகிற நேரத்தில் கழிந்துபோகிறது. இந்த வேகம் ஆளுக்கு ஆள் மாறும். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிற பெண்களுக்குக் காஃபீன் கழிய ஏறத்தாழ இரட்டிப்பு நேரம் ஆகும், கர்ப்பிணிகளுக்கு இன்னும் அதிகம். அதனால் பயண நாளன்று மதியம் இரண்டு மணிக்குப் பிறகு காபியும் வேண்டாம், டீயும் வேண்டாம். டீயிலும் இருப்பது அதே காஃபீன்தான். தினமும் சாயங்காலம் குடித்துப் பழகியவர்கள் காலையிலும் மதியத்துக்கு முன்னாலும் குடித்துக்கொள்ளுங்கள். பழக்கத்தை அறவே நிறுத்தினால் தலைவலி வரும், அது தூக்கக் குறைவைவிடப் பெரிய தொல்லை.

இன்னொரு செலவும் உண்டு: பஸ்ஸில் உட்கார்ந்து செல்போன் வெளிச்சத்தில் குறிப்புகளைப் புரட்டுவது. நாலு மணி நேரத் தூக்கத்தைப் படிப்புக்குக் கொடுத்துவிட்டுக் காலையில் காபியால் ஈடுகட்டலாம் என்கிற கணக்கு அது. அதே ரெய்னரும் ஹார்னும் 2000இல் இதற்கும் பதில் தேடினார்கள். அதிகாலை ஆறு மணிக்கு வண்டி ஓட்டுவதைப் போலவே அமைந்த சோதனை. 200 மில்லிகிராம் காஃபீன். முந்தின இரவு ஐந்து மணி நேரம் தூங்கியவர்களுக்கு அந்தக் காபி ஓட்டிய இரண்டு மணி நேரமும் கைகொடுத்தது. அறவே தூங்காதவர்களுக்கு அரை மணி நேரம்தான். காபி அதே காபிதான், அளவும் அதே அளவுதான். முன்னால் தூக்கம் இருந்ததா இல்லையா என்பதுதான் வித்தியாசம். மூன்று மணி நேரத் தேர்வில் அரை மணி நேரத் தெளிவை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? ஏறி உட்கார்ந்ததும் கண்ணில் துணியைக் கட்டி, காதில் பஞ்சை வைத்து, கிடைக்கிற தூக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள். மோட்டலில் இறங்க வேண்டியிருந்தால் கழிப்பறைக்குப் போய்விட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்து, சீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

ஒரு நாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நெல்லையில் இரவு எட்டு மணிக்கு ஏறுகிறீர்கள், கிளாம்பாக்கத்தில் காலை ஆறரைக்கு இறங்குகிறீர்கள், பதினோரு மணிக்கு நகரத்துக்குள் நேர்காணல், மூன்று மணிக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. இறங்கியதும் எல்லாருக்கும் கை போகிற இடம் காபிக் கடை. ஆறரைக்குக் குடித்த காபியின் உச்சம் ஏழரைக்கு, பதினோரு மணிக்கு அது பாதியை நெருங்கிக்கொண்டிருக்கும். உச்சம் எட்டுகிற அந்த ஏழரைக்கு உங்களுக்கு என்ன வேலை? நகரப் பேருந்தில் நின்றுகொண்டு போவதுதான். தலைவலிக்குப் பயந்தால் ஒரு அரை டீ குடியுங்கள், அதற்கு மேல் வேண்டாம். குளித்து உடை மாற்றுங்கள், இட்லி மாதிரி லேசாகச் சாப்பிடுங்கள், வெயிலில் கொஞ்சம் நில்லுங்கள். காலை வெளிச்சம் தானாகவே விழிப்பைத் தரும். ஒன்பதரைக்குள் நேர்காணல் நடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்துவிடுங்கள். ஒன்பது நாற்பதுக்குக் காபி; ஒன்பது நாற்பத்தைந்துக்குக் கண்ணை மூடுங்கள், பத்து ஐந்துக்கு அலாரம். எழுந்து முகம் கழுவி, கழிப்பறைக்குப் போய்விட்டு, பத்து நிமிடம் நடங்கள். பத்தரைக்கு நீங்கள் உள்ளே நுழையும்போது காஃபீன் உச்சத்தை எட்டியிருக்கும், பதினொன்றிலும் அங்கேயே நிற்கும். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்கும், அது தூக்கக் குறைவு இல்லாதவர்களுக்கும் வருவதுதான். ஒன்றே முக்காலுக்குக் காலையின் பாதி அளவு காபியோடு இன்னொரு குட்டித் தூக்கம் போடலாம். அதற்குப் பிறகு அன்று காபி கிடையாது, ஏனென்றால் அன்றிரவும் நீங்கள் பஸ்ஸில்தான் தூங்கப் போகிறீர்கள். ஒன்பதரைக்கே தொடங்கிப் பன்னிரண்டரை வரை போகிற தேர்வாணையத் தேர்வு என்றால் இதே வரிசையை முன்னால் தள்ளுங்கள்: எட்டு மணிக்குக் காபி, எட்டு இருபத்தைந்துக்குள் எழுந்துவிட வேண்டும். உள்ளே போவதற்கு முன் கழிப்பறையை மறக்காதீர்கள். காபி சிறுநீரைக் கொஞ்சம் கூட்டும், எழுந்து போய்விட்டு வர அந்த அறையில் மனசு வராது.

எவ்வளவு காபி என்பதில்தான் நம்மூரில் குழப்பம். சோதனைகளில் கொடுத்த அளவு 150 முதல் 200 மில்லிகிராம் காஃபீன். நம் டம்ளரில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கடைக்காரராலும் சொல்ல முடியாது. பத்து கிராம் காபித்தூளில் ஐந்தில் ஒரு பங்கு சிக்கரி என்றால் எட்டு கிராம்தான் காபி. அது அராபிகாக் கொட்டையாக இருந்தால் ஏறத்தாழ தொண்ணூறு மில்லிகிராம் காஃபீன். ரொபஸ்டாவாக இருந்தால் கிட்டத்தட்ட அதன் இரட்டிப்பு. சிக்கரியில் காஃபீனே கிடையாது, ஆனால் கறுப்பையும் கசப்பையும் அள்ளிக் கொடுக்கும். அதனால் நிறத்தைப் பார்த்தும் கசப்பைப் பார்த்தும் ஸ்ட்ராங் என்று முடிவு கட்டாதீர்கள். அந்த ஒரு நாளைக்கு மட்டும் ருசியை விட்டுவிட்டு, சிக்கரி கலக்காத இன்ஸ்டன்ட் காபித்தூளைப் பொட்டலமாகக் கொண்டுபோங்கள். கலப்பு இருந்தால் எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும், படித்துப் பாருங்கள். ஒரு சின்ன ஸ்பூன், அதாவது இரண்டு கிராமில், சுமாராக அறுபது மில்லிகிராம் இருக்கும். இரண்டரை ஸ்பூனைப் பாட்டில் தண்ணீரில் கலக்கினால் ஒரு நிமிடத்தில் குடித்துவிடலாம். கொதிக்கக் கொதிக்க வாங்கி ஊதி ஊதிக் கால் மணி நேரம் குடித்தால் உத்தியே கெட்டுவிடும். கடைக் காபிதான் என்றால் டபராவில் நன்றாக ஆற்றி மடக்கென்று குடியுங்கள், இரண்டு டம்ளராகவே வாங்கிக்கொள்ளுங்கள். ஊக்கப் பானம் எனப்படும் டின்களில் ஏதோ பெரிய சரக்கு இருப்பதாக நினைக்க வேண்டாம். நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு விதிப்படி லிட்டருக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் காஃபீன் கூடாது, ஆக கால் லிட்டர் டின்னில் எழுபத்தைந்துதான். மிச்சமெல்லாம் சர்க்கரையும் விலையும்.

இதில் ஆபத்து இல்லையா என்று கேட்பது சரியான கேள்வி. உடல்நலமுள்ள பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு 200, ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை தொல்லை இல்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. கர்ப்பிணிகளுக்கு நாள் முழுவதற்குமே 200தான். நெஞ்சு படபடப்பு, பதற்ற நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் காபியை விட்டுவிட்டுக் குட்டித் தூக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காபியே குடித்துப் பழகாதவர்களும் அப்படியே செய்யுங்கள். நேர்காணல் அறையில் கை நடுங்கினால் எதிரே இருப்பவர்கள் அதைப் பயம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் வழக்கமான ஒரு வேளை அளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகாதீர்கள் என்பது என் அபிப்பிராயம்.

இவ்வளவு சொன்ன பிறகு, காபி சரிசெய்யாத ஒன்றையும் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வில் 276 பேர் கலந்துகொண்டார்கள். ராத்திரி முழுக்க விழித்தவர்களுக்குக் காஃபீன் கொடுத்தபோது கவனம் சிதறாமல் இருப்பது மீண்டது. ஆனால் ஒரு வரிசையில் எங்கே விட்டோம் என்பதை நினைவில் வைத்து, படிகளைத் தவறாமல் செய்வது பெரும்பாலானவர்களுக்கு மீளவில்லை. விடைத்தாளில் வட்டம் நிரப்புகிறவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். ஒரு கேள்வியைத் தாண்டிப் போய், வட்டத்தைத் தாண்டாமல் நிரப்பினால், அதற்குப் பிறகு வரிசை முழுக்கப் பிசகும். உங்களுக்குத் தெளிவாக இருப்பது போலவே இருக்கும், அதுதான் கஷ்டம். ஆகவே தூக்கம் குறைந்த நாளில் ஒவ்வொரு பத்துக் கேள்விக்கும் ஒரு தடவை கேள்வி எண்ணையும் வட்டத்தின் எண்ணையும் விரல் வைத்து ஒப்பிடுங்கள். நேர்காணலில் கேள்வி நீளமாக வந்தால் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டு பதில் சொல்லுங்கள். ஒரே வரியை இரண்டாம் தடவை படிக்கிறீர்கள், முந்தின வாக்கியம் என்னவென்று மறந்துவிடுகிறது என்றால் காபியின் எல்லை வந்துவிட்டது. இன்னொரு காபி அப்போது கையை நடுங்க வைக்குமே தவிரத் தலையைத் தெளிய வைக்காது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அழைப்பு வந்து, நாள் குறிக்கப்பட்டு, இன்னும் ஒரு வாரம் இருக்கிறவர்கள் இதை முதன்முதலாக அந்த நாளில் செய்யாதீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு தடவை செய்து பாருங்கள். அதே தூள், அதே அளவு, அதே ஒன்பது நாற்பது, நாற்காலியில் உட்கார்ந்தபடி, இருபது நிமிட அலாரம். எழுந்ததும் ஒரு பழைய வினாத்தாளை எடுத்து உட்காருங்கள். நெஞ்சு படபடத்தாலோ வயிறு எரிந்தாலோ அளவைப் பாதியாக்குங்கள். எழும்போது மந்தமாக இருந்தால் அலாரத்தைப் பதினைந்து நிமிடமாக்குங்கள். அரை மணி நேரத்துக்குள் கழிப்பறைக்கு ஓட வேண்டியிருந்தால் அதையும் நேரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது ஊர் பஸ் ஸ்டாண்டில் நிறுத்திய டூவீலரை எடுப்பதாக இருக்கிறவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று. அது உங்களுக்கு அடுத்தடுத்து இரண்டாவது குறைதூக்க இரவாக இருக்கும், அதைக் காபி தாங்காது. வண்டியை அங்கேயே பூட்டி விட்டுவிட்டு, வீட்டிலிருந்து யாரையாவது வரச் சொல்லுங்கள். ஆள் இல்லையென்றால் டவுன் பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ போய்விட்டு, மத்தியானம் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.